பத்து மணி நேரப் படிப்பு, ஏழரை மணி நேரத் தூக்கம்: எல்.டி.சி.க்குப் படிக்கிறவர்களுக்கு

பாலக்காடு மாவட்டத்து எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் பக்கம் கேரள பி.எஸ்.சி. எழுதுகிற தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எந்தப் புத்தகம் படிப்பது, எந்த கோச்சிங் நல்லது என்று கேட்டால் பத்துப் பேர் சொல்வார்கள். மாதக் கணக்கில் தினமும் பத்து மணி நேரம் உட்கார்ந்தால் தூக்கத்துக்கும் ஞாபகத்துக்கும் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எல்.டி.சி. என்கிற கிளார்க் வேலைத் தேர்வுக்காக, இருந்த வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்த காலத்தில் அது இரண்டும் கெட்டு, திரும்பச் சரியாக இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. கோச்சிங் கட்டணம், படிப்பக வாடகை, ஞாபக சக்திக்கென்று வாங்கிய மாத்திரை என்று 20,000 ரூபாய்க்கு மேல் போனது. இதே பாதையில் இறங்கப்போகிறவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கெடுதல் ஒரே நாளில் வருவதில்லை. முதல் மாதம் இரவு பன்னிரண்டு வரை படித்து, காலை ஐந்துக்கு எழுந்தால் நன்றாகவே போகும். உடம்பு தாங்குகிறது என்று தோன்றும். ஆபத்தே அந்தத் தோற்றத்தில்தான் இருக்கிறது. 2003-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆட்களை இரண்டு வாரம் தொடர்ந்து இரவுக்கு நான்கு மணி நேரம், ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் என்று பிரித்துத் தூங்க விட்டுச் சோதித்தார்கள். ஆறு மணி நேரமும் அதற்குக் குறைவாகவும் தூங்கியவர்களின் கவனமும் நினைவும் நாளுக்கு நாள் சரிந்து, கடைசியில் ஓரிரு இரவு முழுக்கக் கண்விழித்தவர்கள் அளவுக்கு வந்துவிட்டன. ஆனால் தூக்கம் வருகிறதா என்று அவர்களைக் கேட்டால், கொஞ்சம்தான் என்றார்கள். முதல் சில நாள் சோர்வு தெரியும், பிறகு பழகிவிட்டது போலத் தோன்றும், மூளை மட்டும் சரிந்துகொண்டே போகும். ஆகவே 'எனக்கு ஐந்து மணி நேரமே போதும்' என்பதை உங்கள் உணர்வை வைத்து முடிவு செய்ய முடியாது. வெளியிலிருந்து ஓர் அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோல் எனக்கு மாதிரித் தேர்வில் கிடைத்தது.

எல்.டி.சி. தேர்வில் 100 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண், தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும். இந்தக் கழிவுதான் தூக்கமில்லாதவனைத் தேடி வந்து அடிக்கும். தூக்கம் குறைந்த தலைக்குப் படித்தது முழுக்க மறந்துபோவதில்லை. எல்லாம் 'எங்கேயோ பார்த்த மாதிரி' இருக்கும். நான்கு விடையில் ஒன்று பழக்கமான முகமாகத் தெரியும், அதைக் கறுப்பாக்கிவிடுவோம். ஓ.எம்.ஆர். தாளில் கேள்விகளைத் தொட்ட எண்ணிக்கை கூடும், மதிப்பெண் குறையும். என் மோசமான மாதிரித் தேர்வு ஒன்றின் கணக்கு இது: எழுதியது 88, சரி 61, தவறு 27. கழிவு 9 போக நிகரம் 52. அந்த 27 தவறில் 16, தெரியும் என்று நிச்சயமாக நம்பி எழுதியவை.

அந்த 16-ஐ எப்படி எண்ண முடிந்தது என்பதுதான் முக்கியம். மாதிரித் தேர்வு எழுதும்போது கேள்வித்தாளில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து போடுங்கள். நிச்சயமாகத் தெரிந்தால் 'உ', அரைகுறை என்றால் 'ச', குத்துமதிப்பு என்றால் 'கு'. இதற்கு அரை நொடிகூட ஆகாது. திருத்தும்போது மொத்த மதிப்பெண்ணை அப்புறம் பாருங்கள், முதலில் 'உ' போட்டுத் தவறானவை எத்தனை என்று எண்ணுங்கள். நன்றாகத் தூங்கி, ஒழுங்காகத் திருப்பிப் பார்க்கிற ஆளுக்கு அது நான்கைந்துக்குள் நிற்கும். இரண்டு வாரத் தேர்வுகளில் தொடர்ந்து பத்துக்கு மேல் போனால், பாடம் போதவில்லை என்று இன்னும் ஒரு மணி நேரம் கூட்டாதீர்கள். தூக்கமோ, திருப்பிப் பார்க்கிற முறையோ, பெரும்பாலும் இரண்டுமோ கெட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். படிக்காத பாடம் 'கு'வில்தான் விழும். 'உ'வில் விழுவது, படித்தது கலங்கிப்போனது.

கலங்குவது என்றால் என்ன என்று ஒரு பாடத்தை வைத்தே சொல்கிறேன். கேரள மறுமலர்ச்சிப் பகுதி. 1891 மலையாளி மெமோரியல், 1896 ஈழவ மெமோரியல். இரண்டும் ஸ்ரீமூலம் திருநாள் காலத்தில் திருவிதாங்கூரில் கொடுக்கப்பட்ட மனு, இரண்டும் அரசு வேலை சம்பந்தப்பட்டது. 1893 அய்யன்காளியின் வில்லுவண்டிப் பயணம், 1903 எஸ்.என்.டி.பி., 1907 சாதுஜன பரிபாலன சங்கம், 1914 என்.எஸ்.எஸ். அப்புறம் 1924 வைக்கம், 1931 குருவாயூர், 1936 கோயில் நுழைவுப் பிரகடனம். இத்தனையும் ஒரே இரவில், பதினோரு மணிக்கு மேல், வரிசையாக ஐந்து முறை வாசித்தால் அன்று இரவு அத்தனையும் வாயில் நிற்கும். நான்காம் நாள் 1891-க்கும் 1896-க்கும் இடையில் மனசு ஊசலாடும். இரண்டு எண்ணும் தெரியும், எது எதற்கு என்பதுதான் அறுந்திருக்கும். தேர்வில் கேட்பதோ அந்த இணைப்பைத்தான். ஒன்று போலவே இருக்கிற விஷயங்கள் ஒன்றை ஒன்று அழிக்கும், அதுவும் அடுத்தடுத்து ஏற்றினால் இன்னும் வேகமாக. பகலில் ஏற்றியதை இரவில் தூக்கத்தில்தான் மூளை பிரித்து நிலைப்படுத்துகிறது. ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் இரவின் முன்பாதியில் வரும், கனவுத் தூக்கம் விடியற்காலைப் பக்கம் கூடும். ஐந்து மணி நேரத்தில் எழுந்தால் அந்தக் கடைசிப் பகுதியைத்தான் வெட்டுகிறோம்.

இதற்கு நான் கடைசியில் பிடித்த முறை எளிது. ஒன்று போல இருக்கிறவற்றை ஒரே நாளில் ஏற்றுவதில்லை. மலையாளி மெமோரியல் இன்று என்றால் ஈழவ மெமோரியல் மூன்று நாள் கழித்து, முதலாவது கையில் நின்ற பிறகு. அப்போது இரண்டையும் ஒரே பக்கத்தில் எதிரெதிரே எழுதி, வித்தியாசத்தை மட்டும் ஒரு வரியில் குறிப்பது: ஈழவ மெமோரியல் என்றதும் டாக்டர் பல்பு. பிறகு கேள்வியை இரண்டு பக்கமும் போடுவது. 'ஈழவ மெமோரியல் எந்த ஆண்டு?' ஒரு கேள்வி, '1896-இல் என்ன நடந்தது?' இன்னொன்று. ஒரு பக்கம் மட்டும் பழகினால் மறுபக்கம் கேட்கும்போது கை நடுங்கும்.

வாசிப்பதை விட, மூடி வைத்துவிட்டு எழுதிப் பார்ப்பதுதான் நிற்கும் என்பதற்கும் நல்ல சான்று உண்டு. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு கூட்டம் திரும்பத் திரும்ப வாசித்தது, இன்னொரு கூட்டம் வாசித்துவிட்டு மனதிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் வாசித்தவர்கள்தான் முன்னால். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் எழுதிப் பார்த்தவர்கள் முன்னால். இரவு படித்து முடித்ததும் 'எல்லாம் வந்துவிட்டது' என்று வருகிற நிம்மதியை நம்பக்கூடாது என்பது இதனால்தான். அது ஐந்து நிமிட நிம்மதி.

எனவே ஒரு நோட்டு போதும். தாளை நடுவில் மடித்து இடது பக்கம் கேள்வி, வலது பக்கம் விடை. அன்று ஏற்றியதை மறுநாள் காலை, மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினைந்தாம் நாள், முப்பதாம் நாள் விடையை மூடிக் கேட்டுக்கொள்ளுங்கள். தவறினால் அந்தக் கேள்வி மீண்டும் முதல் நாள் கணக்குக்கு வரும். இங்கே எல்லோரும் இடறுகிற இடம் அளவுதான். தினம் 40 புதுக் கேள்வி என்றால், ஒரு மாதம் கழித்து, தினம் ஐந்து தவணைக்கும் சேர்த்து 200 கேள்வி திருப்பிப் பார்க்க வரும். கேள்விக்குப் பதினைந்து நொடி என்றால் 50 நிமிடம், தவறியவை சேர்ந்தால் ஒரு மணி நேரம். தாங்கலாம். உற்சாகத்தில் தினம் 100 ஏற்றினால் 500 வரும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும். மூன்றாவது வாரம் தவணை தள்ளிப்போகும், தள்ளிப்போனதை முடிக்க இரவில் உட்கார்வோம், அங்கேதான் தூக்கம் வெட்டுப்படும். தூக்கம் கெடுவது பல பேருக்கு இந்த வழியாகத்தான். ஆகவே 40-க்கு மேல் போகாதீர்கள். மூன்று மாதத்தில் 3,600 கேள்வி ஆகும், பத்தாம் வகுப்புத் தரத் தேர்வுக்கு அது சின்ன எண்ணிக்கை இல்லை.

தமிழில் வினாத்தாள் வாங்குகிற நமக்கு ஒரு கூடுதல் சுமை இருக்கிறது. கோச்சிங் குறிப்பும் ரேங்க் ஃபைல் என்கிற வழிகாட்டிப் புத்தகமும் மலையாளத்தில், கேள்வி தமிழில். ஒரே விஷயத்தை மலையாளத்தில் ஏற்றி, தமிழில் தேடுகிறோம். நேரமும் போகும், பெயர்கள் குழம்பும். கேரள எஸ்.சி.இ.ஆர்.டி. பாடப்புத்தகங்கள் தமிழ் வழியிலும் வருகின்றன, இணையத்திலும் கிடைக்கும். ஐந்தாம் வகுப்பிலிருந்து பத்து வரை சமூக அறிவியலும் அறிவியலும் தமிழிலேயே எடுத்துக்கொண்டு, மலையாளக் குறிப்பை விடுபட்டதை நிரப்ப மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மடித்த நோட்டில் கேள்வியைத் தேர்வில் வருகிற மாதிரியே தமிழில் எழுதுங்கள். சும்மா ஒரு மணி நேரம் மிஞ்சும்.

இனி நாள் ஓட்டம். எழுகிற நேரத்தை முதலில் ஆணி அடித்தது போல நிறுத்துங்கள், படுக்கிற நேரம் தானாக வந்து சேரும். காலை 5.30 என்றால் ஞாயிறும் 5.30, முந்தின இரவு கெட்டாலும் 5.30. எழுந்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் வாசலில் வெளிச்சத்தில் நில்லுங்கள். உடம்புக் கடிகாரம் ஓடத் தொடங்குவது கண்ணில் படுகிற காலை வெளிச்சத்தை வைத்துத்தான். அன்று இரவு பத்துக்குத் தூக்கம் வருமா என்பது பாதி அங்கேயே முடிவாகிவிடும். 6 முதல் 7.30 வரை திருப்பிப் பார்க்கிற தவணை. அதைக் காலையில் வைப்பதற்குக் காரணம், தூங்கி எழுந்த பிறகு எது நின்றது, எது நழுவியது என்று உண்மையான நிலவரம் தெரியும். 8.30 முதல் 11 வரை புதுப் பாடம், நடுவில் ஒரு சின்ன இடைவெளி. 11.15 முதல் 12.45 வரை கணக்கும் மனத்திறனும். சாப்பிட்ட பிறகு 1.30-க்கு அலாரம் வைத்து 20 நிமிடத் தூக்கம். இருபதைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய், எழுந்தால் தலை அரை மணி நேரம் கனக்கும். மூன்று மணிக்கு மேல் பகல் தூக்கம் வேண்டாம், அது இரவுத் தூக்கத்திலிருந்து கடன் வாங்கும். 2.15 முதல் 4.30 வரை ஆங்கிலமும் நடப்பு நிகழ்வும். 4.30-க்கு எழுந்து நடங்கள், வீட்டு வேலை செய்யுங்கள். 5.30 முதல் 7.30 வரை பழைய வினாத்தாள். இரவு 8.15 முதல் 9 வரை லேசான வேலை மட்டும்: நாளைக்கு என்ன என்று எழுதுவது, தமிழ் இலக்கணம் ஒரு பக்கம். ஒன்பதுக்கு மேல் புதிதாக எதுவும் ஏறக்கூடாது. பத்துக்கு விளக்கணைப்பு. கூட்டிப் பாருங்கள், இடைவேளை போகப் பத்து மணி நேரப் படிப்பும், ஏழரை மணி நேரப் படுக்கையும் இதில் இருக்கிறது.

இந்த ஓட்டத்தைக் கெடுப்பது நம் ஊரில் இரண்டு: தேநீர், வெக்கை. தேநீரிலும் காபியிலும் இருக்கிற கஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே ஐந்தாறு மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக்குக் கடைக்குப் போய் ஒரு ஸ்ட்ராங் டீ குடித்தால், இரவு பதினொன்று பன்னிரண்டுக்கும் பாதி உள்ளே இருக்கும். தூக்கம் வந்தாலும் ஆழம் குறையும். மதியம் இரண்டு மணி கடைசி டீ என்று வையுங்கள். ஒரு நாளைக்கு ஆறு டீ குடிக்கிறவர் ஒரே நாளில் இரண்டுக்கு வந்தால் தலைவலி பிளக்கும், படிப்பும் போகும். மூன்று நாளுக்கு ஒரு டீ குறையுங்கள், சாயங்கால டீயை முதலில்.

வெக்கைக்கு மார்ச், ஏப்ரல் மாதங்களில் சித்தூர் தாலுகாவில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. கான்கிரீட் மேல்தளம் பகல் முழுக்க வாங்கிய சூட்டை இரவு பதினோரு மணி வரை அறைக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும். உடம்புச் சூடு கொஞ்சம் இறங்கினால்தான் தூக்கம் பிடிக்கும். சூரியன் விழுந்த பிறகு மொட்டை மாடியில் இரண்டு மூன்று குடம் தண்ணீர் தெளித்து, எதிரெதிர் ஜன்னலைத் திறந்து வைத்து, படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் குளியுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் நல்லது, தோலுக்கு ரத்தம் ஓடி உடம்புச் சூடு வெளியே போகும். ஐஸ் தண்ணீரில் குளித்தால் விழிப்புத்தான் வரும்.

இவ்வளவு சொன்ன பிறகும், ஏற்கெனவே கெட்டுப்போனவர்களுக்கு இது போதாது. கெடுதல் முற்றினால் வருகிற நிலை வேறு: படுத்தால் தூக்கம் வராது. நாள் முழுக்கக் கண் எரியும், தலை சாயும், படுக்கையில் தலை வைத்ததும் முழு விழிப்பு. நான் அதில் இருந்த நாட்களில் இரவு இரண்டு மணிக்கு அம்மா எட்டிப் பார்த்து "ஏன் அம்மிணி, இன்னும் தூங்கலையா?" என்பார். "படிச்சிட்டிருக்கேம்மா" என்பேன். படிக்கவும் இல்லை, தூங்கவும் இல்லை. தேர்வுக்குப் பயம், தூக்கமில்லையே என்று அதற்கொரு பயம். அந்த மந்தத்தில் இன்னொரு தேர்வுக்கு 'கன்ஃபர்மேஷன்' கொடுக்கிற தேதி கடந்துபோனதே தெரியவில்லை. பி.எஸ்.சி. இணையதளத்தின் துளசி புரொஃபைலில் விண்ணப்பித்தால் மட்டும் போதாது, தேர்வு எழுதுவேன் என்று குறித்த நாட்களுக்குள் உறுதி கொடுக்க வேண்டும், இல்லையென்றால் விண்ணப்பம் தள்ளுபடி. அந்தத் தேதியைப் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டிவிடுங்கள். களைத்த தலையின் ஞாபகத்தை நம்பி வைக்கக்கூடாத விஷயம் அது.

அந்த நிலையிலிருந்து வெளியே வர எனக்கு வழி சொன்னவர், எங்கள் பக்கத்திலேயே முன்னால் ரேங்க் லிஸ்டில் வந்து இப்போது வேலையில் இருக்கிற ஓர் அக்கா. "பத்து மணிக்கே படுத்துப் புரண்டுட்டு இருக்காதே கண்ணு. தூக்கம் சொக்கினாத்தான் படுக்கணும். ஆனா எழறது மட்டும் அதே நேரம்" என்றார். பிறகு அரசு மருத்துவமனை டாக்டரும் அதையே சொன்னார். முறை இதுதான். எழுகிற நேரம் 5.30 மாறக்கூடாது. கண் சொக்கும் வரை படுக்கைக்குப் போகக்கூடாது, முதல் நாட்களில் அது பன்னிரண்டாக இருந்தாலும் பரவாயில்லை. படுத்து இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து அடுத்த அறைக்குப் போய் மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள். போன் வேண்டாம், பாடப் புத்தகமும் வேண்டாம். கடிகாரத்தையும் பார்க்க வேண்டாம், அது இன்னும் விழிக்க வைக்கும். சொக்கினால் திரும்பப் படுங்கள். படுக்கையில் உட்கார்ந்து படிப்பதை அன்றே நிறுத்துங்கள். கட்டில் என்றால் கவலையும் படிப்பும் என்று உடம்பு பழகியிருக்கிறது, அந்தப் பழக்கத்தை அறுக்கத்தான் இத்தனையும். முதல் வாரம் கஷ்டமாகவே இருக்கும், பகல் சோர்வு கூடும், பகல் தூக்கத்தையும் அந்த வாரம் மட்டும் தவிருங்கள். வண்டி ஓட்டுவதைக் குறையுங்கள். இரண்டாம் வாரத்தில் படுத்ததும் தூக்கம் வர ஆரம்பிக்கும். படுத்த நேரத்தில் பெரும்பகுதி தூங்குகிறோம் என்று ஆன பிறகு, படுக்கிற நேரத்தைப் பதினைந்து பதினைந்து நிமிடமாக முன்னால் கொண்டுவந்து பத்தில் நிறுத்துங்கள்.

இந்த வாரங்களில் படிப்பைப் பாதியாகக் குறைக்க வேண்டும். மனசு ஒப்பாது. எனக்கு அழுகையே வந்தது, எல்லோரும் ஓடும்போது நாம் உட்கார்ந்திருக்கிறோமே என்று. ஆனால் புதுப் பாடத்தை மட்டும் நிறுத்தி, திருப்பிப் பார்க்கிற தவணையை விடாமல் வைத்தால் இழப்பு சிறியது. தூக்கம் சீரான பிறகு எழுதிய ஒரு மாதிரித் தேர்வில் எழுதியது 79, சரி 66, தவறு 13, அதில் 'உ' போட்டுத் தவறியது 5. கழிவு 4.33 போக நிகரம் 61.67. தொட்ட கேள்வி ஒன்பது குறைந்தது, மதிப்பெண் ஒன்பதுக்கு மேல் கூடியது. கூடியதில் பாதி, தெரியாததைத் தெரியாது என்று விட முடிந்ததால் வந்தது.

டாக்டரிடம் எப்போது போவது? வாரத்தில் மூன்று இரவுக்கு மேல் தூக்கம் வராமல் மாதங்களாக இழுத்தால், குறட்டையோடு மூச்சு நின்று நின்று வந்தால், போதுமான நேரம் தூங்கியும் பகலில் களைப்பு விடாவிட்டால் போங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 பார்க்கச் சொல்வார்கள். பெண் பிள்ளைகளில் ரத்தசோகை சாதாரணம், அதை 'படிப்பு ஏறவில்லை' என்று நினைத்துக்கொண்டு இருப்பவர்கள் உண்டு. மருந்துக் கடையில் தூக்கத்துக்கென்று சளி, அலர்ஜி மாத்திரை கேட்டு வாங்காதீர்கள். தூக்கம் வரும், மறுநாள் காலைத் தவணை முழுக்க மந்தமாகப் போகும். ஞாபக சக்தி மாத்திரையும் டானிக்கும் என் காசைத்தான் தின்றன. வாழ்க்கையே வேண்டாம் என்கிற நினைப்பு எட்டிப் பார்த்தால், அதைத் தேர்வு பயம் என்று ஒதுக்காமல் அன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம்.

கடைசி இரண்டு வாரம் தனி. பி.எஸ்.சி. தேர்வுகள் சில காலை ஏழரைக்கு முன்பே தொடங்கும், சில மதியத்துக்கு மேல். ஹால் டிக்கெட்டில் நேரத்தைப் பார்த்ததும் மாதிரித் தேர்வை அதே நேரத்துக்கு மாற்றுங்கள். மதியத் தேர்வு என்றால் சாப்பிட்ட மந்தம்தான் எதிரி. சோற்றைப் பாதியாக்கி, அரை மணி நேரம் முன்னதாகச் சாப்பிட்டு எழுதிப் பழகுங்கள். காலைத் தேர்வு என்றால் எல்லைக் கிராமத்திலிருந்து பாலக்காடு போய்ச் சேர நான்கு மணிக்கு எழ வேண்டி வரும். முந்தின இரவு எட்டு மணிக்குப் படுத்தால் தூக்கம் வராது. பன்னிரண்டு நாள் முன்பே இரண்டு நாளுக்கு ஒரு முறை கால் மணி நேரம் எழுகிற நேரத்தை முன்னால் இழுங்கள், படுக்கிற நேரம் அதன் பின்னால் வரும். அப்படியும் முந்தின இரவு தூக்கம் சரியாக வராமல் போகலாம். வாரக் கணக்கில் நன்றாகத் தூங்கியவருக்கு ஒரு கெட்ட இரவு பெரிதாகக் கெடுத்துவிடாது. எழுந்து புத்தகத்தைத் திறக்காமல், கண்ணை மூடிப் படுத்திருங்கள். தேர்வறையில் 'உ' கேள்விகளை முதல் சுற்றில் முடியுங்கள், 'ச'வில் இரண்டு விடையை அடிக்க முடிந்தால் மட்டும் எழுதுங்கள், 'கு'வை விடுங்கள்.

தேர்வு முடிந்து வீடு வந்ததும் கேள்வித்தாளைக் கசக்கிப் போடாதீர்கள். பி.எஸ்.சி. தற்காலிக விடைக்குறிப்பு வெளியிட்டதும், 'உ' போட்டுத் தவறியவற்றை மட்டும் எடுத்து மடித்த நோட்டில் முதல் நாள் கணக்கில் ஏற்றுங்கள். அடுத்த தேர்வின் கன்ஃபர்மேஷன் தேதியையும் அன்றே பார்த்துவிடுங்கள்.